வேலையை விடும் முன் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள, படுத்த படுக்கையான மாமியாரைக் கவனிக்க, அப்பாவின் டயாலிசிஸுக்குக் கூடப் போக என்று தனியார் வேலையை விடும் பெண்கள் முதலில் போடும் கணக்கு மாதச் சம்பளக் கணக்கு. "இனி இவ்வளவு வராது, சமாளிக்க முடியுமா?" என்பது அது. அதைவிடப் பெரிய இழப்பு 58 வயதில்தான் தெரிய வரும். அதில் ஒரு பகுதி வேலையை விட்டதால் வருவது, அதைத் தவிர்க்க முடியாது. இன்னொரு பகுதி, வேலையை விட்ட முதல் ஓரிரு வருடங்களில் பி.எஃப். தளத்தில் அவசரமாகச் செய்யும் ஓரிரு காரியங்களால் வருவது. அதைத் தவிர்க்கலாம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது பகுதியைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் 2017-இல், 24 வயதில், 14,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். 8 வருடம் கழித்து, 32 வயதில், 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் இருக்கும்போது குழந்தைக்காக வேலையை விடுகிறார். பி.எஃப்.-இல் 4 லட்சம் இருக்கிறது. 38 வயதில் மறுபடி வேலைக்குப் போக எண்ணம். இவரோடு சேர்ந்தே நாமும் ஒவ்வொரு படியாகப் போவோம்.

மாதம் எவ்வளவு போகிறது

சம்பள ஸ்லிப்பில் பி.எஃப். என்று 2,400 ரூபாய் பிடித்திருப்பார்கள். அது அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். அதே அளவு நிறுவனமும் போட வேண்டும். நிறுவனம் போடும் அந்த 2,400-இல் 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் பென்ஷனுக்கு 15,000 ரூபாய் வரைதான் கணக்கு, அதில் 8.33 சதவீதம்தான் இந்த 1,250. மீதி 1,150 பி.எஃப்.-இல் சேர்கிறது. ஆக மொத்தம் மாதம் 3,550 ரூபாய் பி.எஃப்.-இல், 1,250 ரூபாய் பென்ஷனில். இரண்டையும் கூட்டினால் 4,800.

வேலையை விட்ட மாதத்திலிருந்து இந்த 4,800-உம் நின்றுபோகும். நம் கையிலிருந்து கட்டுகிறேன் என்றாலும் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் பி.எஃப். கணக்கில் பணம் போட நிறுவனம் ஒன்று இருந்தாக வேண்டும். ஜெர்மனி போன்ற சில நாடுகளில் பிள்ளை வளர்த்த வருடங்களை அரசே பென்ஷன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நம்முடைய பி.எஃப். சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அந்த 6 வருடம் பணமே சேராமல் போவதால் 58 வயதில் என்ன குறையும்? 8 சதவீத வட்டி என்று வைத்தால் (2024-25-க்கு 8.25 கொடுத்தார்கள்) பி.எஃப்.-இல் மட்டும் 15 லட்சம் வரை குறையும். சம்பளம் உயரவே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

ராஜினாமாக் கடிதத்துக்கு முன்

ஹெச்.ஆர்.-இடம் பேசும் முன்னே பி.எஃப். உறுப்பினர் தளத்தில் உள்ள "Service History" பக்கத்தைத் திறந்து, எத்தனை வருடம் எத்தனை மாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு எல்லைகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது 5 வருடம். ஒரே நிறுவனத்தில் 5 வருடம் முடித்த நிரந்தர ஊழியருக்குத்தான் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு 20,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 8 வருடத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 92,000 ரூபாய் வருகிறது. நான்கரை வருடத்தில் விட்டிருந்தால் இதில் ஒரு ரூபாய் கிடைக்காது.

இரண்டாவது 10 வருடம். மாதாந்திர பென்ஷனுக்கு 10 வருட சேவை வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலான பகுதியை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்பதரை வருடம் இருந்தால் போதும். 9 வருடம் 3 மாதத்தில் விடப் போகிறீர்கள் என்றால், மிச்சமிருக்கும் சம்பள விடுப்பை எடுத்து அந்த எல்லையைத் தாண்டிவிட்டு விடுங்கள்.

பிரசவத்துக்காக விடுபவர்களுக்கு ஒன்று. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சம்பளத்திலிருந்தும் பி.எஃப். பிடிக்கப்படும், அந்த மாதங்களும் சேவைக் கணக்கில் வரும். "எப்படியும் விடத்தானே போகிறோம்" என்று ஏழாம் மாதத்திலேயே ராஜினாமா கொடுப்பவர்கள் அரை வருடச் சம்பளத்தையும் சேவையையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்கள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள இப்படி ஒரு சம்பள விடுப்பு தனியார் துறைக்குச் சட்டத்தில் இல்லை, அதை நிறுவனத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

நம் ஊரில் இது தனி வேதனை. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், பிறகு கணவர் பெயரின் முதல் எழுத்து. ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, பி.எஃப்.-இல் இன்னொன்று. வேலையில் இருக்கும் வரை ஹெச்.ஆர். ஒப்புதலோடு இதைத் திருத்துவது எளிது. ஆறு வருடம் கழித்து, நிறுவனம் கைமாறி, தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லாத நிலையில், ஒரு இனிஷியலுக்காக நடையாய் நடக்க வேண்டியிருக்கும். மூன்று ஆவணங்களிலும் பெயர், பிறந்த தேதி இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும், கணவர் எண்ணாக வேண்டாம். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும்.

நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த பி.எஃப். நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், புதிதாகப் பதிய வேண்டும்.

விட்ட பிறகு, நிறுவனம் உங்கள் கடைசி நாளை "Date of Exit" என்று பதிந்திருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள். பதியவில்லை என்றால், கடைசித் தவணை வந்த இரண்டு மாதம் கழித்து "Manage" பகுதியில் "Mark Exit" வழியாக நீங்களே பதியலாம். இது விடுபட்டால் பின்னாளில் கணக்கை மாற்றும்போது சிக்கும்.

பி.எஃப்.-ஐ எடுக்காமல் இருப்பது

வேலையை விட்டதும் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பி.எஃப். எடுத்தாச்சா?" என்பதுதான். வேலை முடிந்தால் அந்தக் கணக்கும் முடிந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 58 வயது வரை அந்தப் பணத்துக்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும், புதிதாக ஒரு ரூபாயும் போடாவிட்டாலும் சரி. மூன்று வருடத்தில் வட்டி நின்றுவிடும் என்று இன்னமும் சொல்பவர்கள் பழைய விதியைச் சொல்கிறார்கள். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு என்பது உண்மை. வேறு வருமானம் அதிகம் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் சுமையாக இராது.

நம் பெண்ணின் 4 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். 32 வயதில் தொடாமல் விட்டால், 8 சதவீதத்தில் 26 வருடத்தில் அது 29 லட்சத்தைத் தாண்டும். விலைவாசி வருடம் 5 சதவீதம் உயரும் என்று வைத்தால் இன்றைய மதிப்பில் 8 லட்சம் சொச்சம். பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காகவே இதையும் சொல்கிறேன். இன்றைய மதிப்பிலேயே இரண்டு மடங்கு என்பதும் சின்ன விஷயம் இல்லை. இடைவெளி எடுக்கும் பெண்ணுக்கு, மேற்கொண்டு எந்த முயற்சியும் இல்லாமல் வளரும் ஒரே சேமிப்பு பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் ஏன் எடுக்கிறார்கள்? நான் பார்த்த வரையில் காரணங்கள் மூன்று: வீட்டுக் கடனுக்கு முன்பணம், பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு. மூன்றாவதற்கு ஒரு மூலம் உண்டு. வேலையோடு சேர்ந்து வந்த குழு மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு முடிந்துவிடுகிறது. அதில் உங்கள் அம்மா அப்பாவும் இருந்திருப்பார்கள். எனவே விடும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று கேளுங்கள். கையில் வரும் கிராஜுவிட்டியையும் விடுப்புக்கு ஈடாக வரும் பணத்தையும் உங்கள் பெயரில் ஒரு வைப்பு நிதியாகப் போட்டு வையுங்கள். திடீர்ச் செலவுக்கு அந்த 92,000 இருந்தால் பி.எஃப்.-இல் கை வைக்கத் தேவை வராது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் தேவையான அளவு மட்டும் முன்பணமாக எடுங்கள், கணக்கை மூடாதீர்கள். முழுப் பணத்தையும் எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பணத்துக்கு 36 மாதமாகவும் உயர்த்துவதென்று 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவு செய்தது. விண்ணப்பிக்கும் அன்று நடப்பில் உள்ள விதியைத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படிவம் 10சி: இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்

கிளெய்ம் பக்கத்தில் "I want to apply for" என்று ஒரு பட்டியல் விரியும். அதில் "Only PF Withdrawal (Form-19)" என்று ஒரு வரி, "Only Pension Withdrawal (Form-10C)" என்று ஒரு வரி. பிரௌசிங் சென்டரில் செய்து கொடுப்பவர் கேட்காமலே இரண்டையும் போட்டுவிடுவார். முதலாவது உங்கள் சேமிப்பு. இரண்டாவதை அழுத்தினால் போவது நீங்கள் உழைத்த வருடங்கள்.

10 வருடத்துக்குக் குறைவான சேவை உள்ளவர் இந்த வழியில் பென்ஷன் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். 8 வருடத்துக்கு நம் பெண்ணுக்கு 1.3 லட்சம் போல வரும். நிறுவனம் அவர் பெயரில் கட்டிய தொகைக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பென்ஷன் நிதியில் பி.எஃப். போல வட்டி சேர்வதில்லை. அதை வாங்கிய நாளோடு அந்த 8 வருடமும் அழிந்துவிடும்.

என்ன ஆகும் என்று பாருங்கள். அவர் 38 வயதில் திரும்பி வந்து 3 வருடம் வேலை செய்கிறார். 41-இல் அப்பாவுக்கு மறதி நோய், மறுபடி வேலையை விடுகிறார், அதற்குப் பிறகு திரும்ப முடியவில்லை. பெண்களின் வேலை வரலாறு பல வீடுகளில் இப்படித்தான் இரண்டு துண்டாக, மூன்று துண்டாக இருக்கிறது. 10சி-யில் பணம் வாங்காமல் இருந்திருந்தால் 8-உம் 3-உம் சேர்ந்து 11 வருடம். இடையில் 6 வருடம் விடுபட்டது தடையில்லை. 15,000-ஐ 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 58 வயதிலிருந்து மாதம் 2,357 ரூபாய் ஆயுள் முழுக்க வரும். வாங்கியிருந்தால் கணக்கில் 3 வருடம்தான், மாத பென்ஷன் கிடையாது.

20 வருடம் தொடர்ந்து வேலை பார்க்க முடிந்தால்? 8-உம் 20-உம் சேர்த்து 28, அதோடு 20 வருடம் முடித்தவர்களுக்குத் தரும் கூடுதல் 2 வருடம். 15,000-ஐ 30-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 6,428.

இன்னொரு வாசலும் மூடும். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000 ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் புதிதாகச் சேர்பவருக்குப் பென்ஷன் திட்டத்தில் இடம் கிடையாது. நம் பெண் 14,000-இல் சேர்ந்ததால் உள்ளே இருக்கிறார், சம்பளம் உயர்ந்த பிறகும் தொடர்கிறார். பென்ஷன் பணத்தை வாங்கிவிட்டால் உறுப்பினர் நிலை முடிந்துவிடும். 38 வயதில் 25,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் திரும்பி வந்தால் அவர் புதியவர், பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது. அந்த 1,250 பி.எஃப்.-இல் சேரும், வீணாகாது. ஆனால் ஆயுள் முழுக்க வரும் பென்ஷனும், அவருக்குப் பின் குடும்பத்துக்கு வரும் பென்ஷனும் இல்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1.3 லட்சத்தை வாங்கி, 26 வருடம் தொடாமல் 8 சதவீதத்தில் வளர்த்தால் 9 லட்சத்துக்கு மேல் ஆகும். வெறும் கணக்கில் அது தோற்கும் யோசனை இல்லை. வருமானம் இல்லாத வருடங்களில் கையில் வந்த 1.3 லட்சம் 26 வருடம் தொடப்படாமல் இருக்கும் வீடு எது என்பதுதான் கேள்வி. அதனால்தான் விட்டுவைக்கச் சொல்கிறேன்.

பி.எஃப்.-ஐ முழுதாக எடுத்தே தீர வேண்டிய நெருக்கடி என்றாலும் படிவம் 19-ஐ மட்டும் கொடுங்கள். பென்ஷனுக்கு, படிவம் 10சி-யிலேயே பணத்துக்குப் பதில் "Scheme Certificate" கேட்க வழி இருக்கிறது. உங்கள் சேவை வருடங்களுக்கான சான்றிதழ் அது. அடுத்த வேலையில் அதைக் கொடுத்தால் பழைய வருடங்கள் சேர்ந்துகொள்ளும்.

நாற்பதுகளின் கடைசியில் பெற்றோருக்காக வேலையை விடுபவர்களுக்குப் பெரும்பாலும் 10 வருடம் தாண்டியிருக்கும். அவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 50 வயதிலிருந்தே பென்ஷன் வாங்கலாம், ஆனால் 58-க்கு முந்திய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு கடைசி வரை நீடிக்கும். மாதம் ஆயிரம் இரண்டாயிரத்துக்காக 50-இல் அவசரப்பட வேண்டாம்.

இடைவெளியில் குடும்பம் செலுத்த வேண்டிய தவணை

ஒருவர் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வதால்தான் இன்னொருவர் வேலைக்குப் போக முடிகிறது. அப்படியானால் நின்றுபோன 4,800 ரூபாயும் வீட்டுச் செலவில் ஒரு வரி. மளிகை, பால், மின்கட்டணம் போல அதையும் மாதாமாதம் எடுத்து வைக்கச் சொல்லிக் கணவரிடம் கேளுங்கள். இதைக் கேட்கப் பலருக்கும் கூச்சமாக இருக்கிறது. மனத்தாங்கல் எதுவும் இல்லாத நாளில், வேலையை விடும் முடிவு எடுக்கும் அதே பேச்சிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போக வேண்டும். தபால் நிலையத்திலோ வங்கியிலோ பி.பி.எஃப். கணக்கு தொடங்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் ஒன்றரை லட்சம், காலம் 15 வருடம், வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம். கணவர் கொடுத்த பணத்தை வைப்பு நிதியில் போட்டால் அதன் வட்டியை அவர் வருமானத்தோடு சேர்த்து வரி பார்ப்பார்கள். பி.பி.எஃப். வட்டிக்கு வரி இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. 4,800 முடியவில்லை என்றால் உங்கள் பங்கான 2,400-ஆவது போடுங்கள். 6 வருடத்தில் 2 லட்சத்தைத் தாண்டும்.

"அதான் அவர் பி.எஃப். இருக்கே" என்பார்கள். அது அவருடையது, நீங்கள் நாமினி மட்டுமே. "நகை இருக்கே" என்றும் சொல்வார்கள். நெருக்கடி வந்தால் முதலில் அடகுக் கடைக்குப் போவது எது என்று நமக்கே தெரியும்.

திரும்பி வரும்போது

புதிய வேலையில் சேரும் நாளில் படிவம் 11 கொடுப்பார்கள். முன்பு பி.எஃப்., பென்ஷன் திட்டங்களில் இருந்தீர்களா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று எழுதி, வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான பழைய யூ.ஏ.என்.-ஐக் கொடுங்கள். எண் மறந்துவிட்டது, செல்போன் மாறிவிட்டது என்று புதிய எண் வாங்கினால் பழைய வருடங்கள் தனியே அநாதையாக நிற்கும். எண் மறந்திருந்தால் தளத்தில் "Know your UAN" வழியாகக் கண்டுபிடிக்கலாம்.

பிறகு "One Member - One EPF Account" பக்கத்தில் பழைய கணக்கைப் புதியதோடு இணைக்க விண்ணப்பியுங்கள். தானாக மாறிவிடும் என்று ஹெச்.ஆர். சொன்னாலும் மாறியதா என்று பாருங்கள். முதல் இரண்டு சம்பளம் வந்த பின் பாஸ்புக்கில் மூன்று பத்திகள் தெரியும்: உங்கள் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு. பென்ஷன் பத்தியில் பூஜ்யம் இருந்தால் உங்களைப் புதியவராகப் பதிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே பழைய பாஸ்புக்கின் நகலோடு சம்பளப் பிரிவுக்குப் போய், 2017-இலிருந்தே பென்ஷன் உறுப்பினர் என்பதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு மாதத் தவணையைச் சரிசெய்வது அவர்களுக்குச் சுலபம், பத்து வருடம் கழித்துச் சொன்னால் பி.எஃப். அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும்.